பாதி மாத்திரை எதைக் காக்கும், எதைக் காக்காது

72 வயது. 48 கிலோ எடை, 150 சென்டிமீட்டர் உயரம். பல வருடங்களாகச் சர்க்கரை நோய். அதற்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் 40. மூன்று நாட்களாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், இரவில் ஐந்தாறு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. கல்ச்சர் பரிசோதனையில் ஈ.கோலை கிருமி வளர்ந்திருக்கிறது. கோட்ரைமாக்சசோல் அதைக் கொல்லும் என்று அறிக்கை சொல்கிறது. மருத்துவர் 'டி.எஸ்.' மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஐந்து நாளைக்கு எழுதுகிறார். அன்றைய ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான கிரியாட்டினின் 1.3, யூரியா 36. பொட்டாசியம் 4.7.

இந்த அம்மாவை விளக்கத்துக்காக நானே உருவாக்கிக்கொண்டேன். ஆனால் எந்த ஊர் மருந்துக்கடை வாசலிலும் இவரைப் பார்க்கலாம். இவருக்கு வரக்கூடிய இரண்டு தொல்லைகளை, அதாவது ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவதையும் தோலில் தடிப்பு வருவதையும், மருத்துவக் குறிப்புகள் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிகளாகப் போட்டுவிடுகின்றன. அப்படிப் படிக்கும்போது இரண்டும் ஒரே சாதி என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் அவை மாத்திரையின் இரண்டு வெவ்வேறு பாதிகளிலிருந்து, இரண்டு வெவ்வேறு வழிகளில் வருகின்றன. சிறுநீரகம் பலவீனமானவருக்கு அளவைப் பாதியாக்கினால் ஒன்று குறையும். மற்றொன்றை அது அவ்வளவாகக் கட்டுப்படுத்தாது.

ஒரு மாத்திரையில் இரண்டு மருந்து

கோட்ரைமாக்சசோல் என்பது ஒரு மருந்தின் பெயர் அல்ல, கூட்டணியின் பெயர். டி.எஸ். மாத்திரை ஒன்றில் சல்ஃபாமெத்தாக்சசோல் 800 மில்லிகிராமும் டிரைமெத்தோபிரிம் 160 மில்லிகிராமும் இருக்கின்றன. சாதாரண மாத்திரையில் இதில் பாதி, 400-உம் 80-உம். சில சீட்டுகளில் இவற்றையே கூட்டி 960 என்றும் 480 என்றும் எழுதுவார்கள். இதனால் வரும் குழப்பம் சின்னதல்ல: 'பாதி டோஸ்' என்று ஒருவர் சொன்னால், டி.எஸ்.ஸில் பாதியா, சாதாரண மாத்திரையில் பாதியா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தக் கூட்டு 1968-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. கிருமி உயிர்வாழத் தேவையான ஃபோலேட் தயாரிப்பில் சல்ஃபா ஒரு படியை அடைக்கிறது, டிரைமெத்தோபிரிம் அடுத்த படியை அடைக்கிறது. மலிவான மருந்து, வாயால் சாப்பிடலாம், உடலெங்கும் நன்றாகப் பரவும். இன்றும் சிறுநீர்த் தொற்றுக்கும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கும் நுரையீரல் தொற்று வராமல் தடுப்பதற்கும் இதற்கு இணையாக எளிதில் வேறொன்று கிடைப்பதில்லை. ஆகவே இது ஒதுக்கிவிட வேண்டிய மருந்து அல்ல. யாருக்கு, எந்த மருந்துகளோடு, எத்தனை நாள் என்று பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து.

பொட்டாசியம் ஏறுவது டிரைமெத்தோபிரிமால். தோல் தடிப்புக்குப் பெரும்பாலும் சல்ஃபாதான் காரணம். எப்போதாவது டிரைமெத்தோபிரிமும் காரணமாகலாம்.

பொட்டாசியம் ஏன் தேங்குகிறது

நாம் சாப்பிடும் பொட்டாசியத்தில் பெரும்பகுதியைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. அந்த வேலை நடக்கும் இடம், சிறுநீர் உருவாகும் பாதையின் கடைசிப் பகுதியான சேகரிப்புக் குழாய். அங்கே குழாயின் உட்சுவரில் உள்ள செல்களில் சோடியம் நுழைவதற்கென்று நுண்ணிய வாயில்கள் உண்டு. நேர்மின்னூட்டமுள்ள சோடியம் அந்த வாயில் வழியாகச் செல்லுக்குள் போய்விடுவதால், குழாய்க்குள் எதிர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. அந்த இழுப்பில்தான் பொட்டாசியம் செல்லிலிருந்து குழாய்க்குள் வந்து, சிறுநீரோடு போகிறது. சோடியம் உள்ளே வராவிட்டால் பொட்டாசியம் வெளியே போகாது.

அமிலோரைடு என்றொரு மருந்து இருக்கிறது. பொட்டாசியத்தை உடலிலேயே தக்கவைத்துக்கொண்டு சிறுநீரை மட்டும் கூட்டுவதற்காகக் கொடுக்கப்படுவது. அது செய்வது இவ்வளவுதான்: அந்தச் சோடியம் வாயிலின் வாயிலேயே உட்கார்ந்து அடைத்துவிடுகிறது. டிரைமெத்தோபிரிமின் மூலக்கூறு அமைப்பு அமிலோரைடை ஒத்தது. சிறுநீரில் போகும்போது அதே இடத்தில் அதுவும் உட்கார்ந்துகொள்கிறது. ஆக, கிருமிக்காக நாம் கொடுக்கும் மாத்திரைக்குள் பொட்டாசியத்தைத் தேக்கும் ஒரு மருந்தும் ஒளிந்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில், எய்ட்ஸ் நோயாளிகளுக்கு நிமோனியாவுக்காக இந்த மருந்தை மிக அதிக அளவில் கொடுத்தபோது பொட்டாசியம் ஏறுவதைக் கண்டு தேடியவர்கள்தான் இந்த வழியைக் கண்டுபிடித்தார்கள்.

அது அதிக அளவுக்கு மட்டும் உரிய தொல்லை என்று கொஞ்ச காலம் நம்பப்பட்டது. 1996-இல் வெளியான ஓர் ஆய்வு அதை மாற்றியது. மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு வழக்கமான அளவிலேயே கொடுத்துப் பார்த்தபோது, சராசரியாக நான்கு ஐந்து நாட்களில் பொட்டாசியம் 1.2 மில்லிமோல் அளவுக்கு ஏறியிருந்தது. கிரியாட்டினின் 1.2-ஐத் தாண்டியிருந்தவர்களுக்கு இன்னும் அதிகம். சிறுநீரகம் நன்றாக இருக்கும் இளைஞருக்கு 4.0 என்பது 4.5 ஆனால் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஏற்கெனவே 4.7-இல் நிற்பவருக்கு அதே ஏற்றம் வேறு கதை.

நம் அம்மாவுக்கு டெல்மிசார்டானும் இருக்கிறது. சேகரிப்புக் குழாயில் அந்தச் சோடியம் வாயில்களை உண்டாக்கித் திறந்து வைக்கச் சொல்வது ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன். டெல்மிசார்டான், லோசார்டான், ராமிபிரில், எனலாபிரில் ஆகியவை அந்த ஹார்மோனைக் குறைக்கின்றன. பல வருடச் சர்க்கரை நோயும் தன் பங்குக்கு அதைக் குறைத்திருக்கக்கூடும். அதாவது வாயில்களின் எண்ணிக்கை ஏற்கெனவே குறைவு. இருக்கும் சிலவற்றையும் டிரைமெத்தோபிரிம் பூட்டிவிடுகிறது. இதய நோய்க்காக ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களுக்கு நிலைமை இதைவிட மோசம்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 66 வயதுக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. ராமிபிரில், டெல்மிசார்டான் வகை மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில், அமாக்சிசிலின் வாங்கியவர்களையும் கோட்ரைமாக்சசோல் வாங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்புக்கும் தொற்று இருந்தது, இரு தரப்பும் வயதானவர்கள், எனவே ஒப்பீடு நியாயமானது. பொட்டாசியம் ஏறி 14 நாட்களுக்குள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு கோட்ரைமாக்சசோல் தரப்பில் ஏறக்குறைய ஏழு மடங்கு. 2010-இல் இது வெளியானது. அடுத்த ஆண்டு ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களிடம் இதையே பார்த்தார்கள். அங்கே 12 மடங்கு.

இதில் தமிழ் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீர் எரிச்சல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இளநீர். நூறு மில்லி இளநீரில் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நல்ல காயொன்றில் முந்நூறு மில்லி இறங்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று குடித்தால் மட்டும் ஒன்றரை கிராம். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இது ஒன்றுமே இல்லை. வெளியேறும் வழி அடைபட்டிருக்கும் ஐந்து நாட்களில் மட்டும் அது ஒரு கணக்கில் வருகிறது. 'உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்' என்று வாங்கும் குறைந்த சோடியம் உப்பு அதைவிட மோசம், ஏனென்றால் அதில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம் குளோரைடு. இதைக் கேட்டால்தான் சொல்வார்கள். யாரும் உப்பை மருந்துப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

1.3 என்ற எண்ணை எப்படிப் படிப்பது

இப்போது அளவுக்கு வருவோம். கோட்ரைமாக்சசோல் பெருமளவு சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் நன்றாக இருக்கும்போது இரண்டு மருந்துகளும் பத்து மணி நேரத்தில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் நாளைக்கு இரண்டு வேளை. சிறுநீரகம் பழுதாகும்போது அந்த நேரம் இரண்டு மூன்று மடங்கு, இன்னும் அதிகமாகவும் நீளும். எனவே விதி இப்படிப் போகிறது: நிமிடத்துக்கு 30 மில்லிக்கு மேல் கிரியாட்டினின் வெளியேற்றம் இருந்தால் முழு அளவு. 15-க்கும் 30-க்கும் இடையில் இருந்தால் பாதி அளவு. 15-க்குக் கீழே தவிர்ப்பது நல்லது. மாற்று இல்லாத கடுமையான தொற்றில் சிறுநீரக நிபுணர்கள் கண்காணிப்போடு குறைத்துக் கொடுப்பது உண்டு. டயாலிசிஸ் மருந்தையும் அகற்றிவிடும் என்பதால், டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு அன்றைய மாத்திரையை அது முடிந்த பிறகு கொடுக்க வேண்டும்.

விதி எளிது. நம் அம்மா எந்தப் படியில் நிற்கிறார் என்பதுதான் கேள்வி. பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையில் 1.3-க்கு எதிரே இயல்பு 1.2 வரை என்று இருக்கும். 'கொஞ்சம்தான் கூட' என்று தோன்றும். அதே அறிக்கையில் வடிகட்டும் திறன் 44 என்று கணினி அச்சிட்டிருந்தால் இன்னும் நிம்மதி: 30-க்கு மேல் இருக்கிறதே, முழு அளவு கொடுக்கலாம்.

அந்த 44 ஒரு சராசரி உடல் அளவுக்குக் கணக்கிட்ட எண். தோல் பரப்பு 1.73 சதுர மீட்டர் உள்ள ஆளுக்கு. இவருடைய பரப்பு 1.4-தான். சின்ன உடம்பு, மெலிந்த தசை. இவருடைய சொந்த அளவுக்கு மாற்றினால் அந்த 44 சுமார் 36 ஆகிறது. மருந்தளவு விதிகள் பெரும்பாலும் எழுதப்பட்டிருப்பதோ காக்கிராஃப்ட், கால்ட் ஆகியோரின் பழைய கணக்கை வைத்து. அதைக் கையாலேயே போட்டுவிடலாம்: 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஐ கிரியாட்டினினால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெண் என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும்.

140 − 72 = 68. 68 × 48 = 3,264. கீழே 72 × 1.3 = 93.6. வகுத்தால் 34.9. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க, 29.6.

44, 36, 29.6. ஒரே ரத்தம், ஒரே கிரியாட்டினின். முதல் இரண்டு எண்களும் முழு அளவு என்கின்றன, மூன்றாவது பாதி அளவு என்கிறது. இப்படி விதியின் விளிம்பில் ஒருவர் நிற்கும்போது, 29.6 என்பதைப் புனிதமான எண்ணாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து. 30-க்குச் சற்று மேலே இருப்பவரும் சற்றுக் கீழே இருப்பவரும் வேறு வேறு மனிதர்கள் அல்ல. பார்க்க வேண்டியது சேர்மானத்தை: வயது, சின்ன உடல், சர்க்கரை, டெல்மிசார்டான், முன்பே 4.7 ஆக இருந்த பொட்டாசியம். நான் எழுதுவதாக இருந்தால் இவருக்கு முதலில் வேறு மருந்து இருக்கிறதா என்று பார்த்திருப்பேன். வழக்கமாகச் சொல்லப்படும் நைட்ரோஃபுரன்டாயின் இவருக்குப் பொருந்தாது. சிறுநீரகத் திறன் இவ்வளவு குறைந்தவருக்கு அது சிறுநீரில் போதிய அளவு சேராது. ஒரே வேளையாகக் கரைத்துக் குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம், கல்ச்சர் முடிவு ஒத்துக்கொண்டால், வசதியான மாற்று. கோட்ரைமாக்சசோல்தான் என்றால் பாதி அளவு, குறைந்த நாட்கள், மூன்றாவது அல்லது நான்காவது நாளில் ஒரு பொட்டாசியம் பரிசோதனை.

பாதி அளவு கொடுத்துவிட்டால் பொட்டாசியம் பிரச்சினை முடிந்துவிடாது. மருந்து உடலில் தேவைக்கு மேல் சேராமல் இருப்பதற்குத்தான் அந்தப் பாதி. முழு அளவு வாங்கும் நல்ல சிறுநீரகக்காரரின் ரத்தத்தில் எவ்வளவு டிரைமெத்தோபிரிம் இருக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவு இவர் ரத்தத்திலும் இருக்கும்படி செய்கிறோம். அந்த அளவே வாயிலை அடைக்கப் போதும். இவருக்கு மிச்சமிருக்கும் வாயில்களோ குறைவு. எனவே அளவைக் குறைத்தாலும் பரிசோதனையைக் குறைக்க முடியாது.

ஐந்தாவது நாள்

நம் கதையில் யாரும் கணக்குப் போடவில்லை. அவர் முழு அளவு சாப்பிட்டார். எரிச்சல் மூன்றாம் நாளே நின்றுவிட்டது. ஐந்தாம் நாள் மாலை எழுந்து நடக்கும்போது கால்கள் துவண்டன, 'உடம்பில் தெம்பே இல்லை' என்றார். மகள் இளநீர் வாங்கிக் கொடுத்தாள். பொட்டாசியம் ஏறுவதன் அடையாளம் பெரும்பாலும் இவ்வளவுதான், வலியில்லை, காய்ச்சலில்லை. பலருக்கு அதுவும் இருக்காது. இதயத் துடிப்பு தடுமாறும்போதுதான் முதல் அறிகுறியே வரும். இதற்கு ரத்தப் பரிசோதனையைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

பரிசோதனையில் பொட்டாசியம் 6.1, கிரியாட்டினின் 1.6, யூரியா 38.

இரண்டு எண்கள் ஏறியிருக்கின்றன. இரண்டையும் ஒரே அர்த்தத்தில் படிக்கக்கூடாது. கிரியாட்டினின் வடிகட்டப்படுவதோடு, ஒரு சிறு பங்கு குழாய்ச் சுவர் வழியாகத் தள்ளப்பட்டும் வெளியேறுகிறது. டிரைமெத்தோபிரிம் அந்தத் தள்ளும் வழியையும் அடைக்கும். அப்போது சிறுநீரகத்துக்கு எந்தப் பழுதும் இல்லாமலே கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் தானே இறங்கும். 1.3-இலிருந்து 1.6 என்பது 23 சதவீத ஏற்றம். யூரியா அசையவே இல்லை. இது பெரும்பாலும் கண்கட்டு. யூரியாவும் சேர்ந்து ஏறியிருந்தாலோ, கிரியாட்டினின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாவியிருந்தாலோ, காய்ச்சலும் தடிப்பும் கூட இருந்தாலோ உண்மையான பழுதைத் தேட வேண்டும். சல்ஃபா சிறுநீரில் படிகமாகப் படியலாம். சிறுநீரகத் திசுவில் ஒவ்வாமை அழற்சியும் உண்டாகலாம். இந்தக் கண்கட்டால் இன்னொரு குழப்பமும் வரும்: இந்த 1.6-ஐ வைத்து மறுபடியும் அளவுக் கணக்குப் போட்டால் 24 என்று வரும், சிறுநீரகம் ஒரே வாரத்தில் சரிந்துவிட்டதாகத் தோன்றும். மருந்து தொடங்குமுன் இருந்த எண்தான் கணக்குக்கு உரியது.

கிரியாட்டினின் ஏற்றம் தோற்றம் என்றால் பொட்டாசியமும் தோற்றம்தானே என்று சிலர் ஆறுதல் கொள்வார்கள். இல்லை. 6.1 நிஜம். ரத்தம் எடுக்கும்போது செல்கள் உடைந்து பொய்யாக ஏறியிருக்குமோ என்ற சந்தேகத்துக்கு மறுபடி ஒரு மாதிரி எடுக்கலாம். ஆனால் அந்த முடிவு வரும்வரை சும்மா இருக்கக்கூடாது. உடனே இ.சி.ஜி. எடுப்பார்கள். அதில் டி அலைகள் கூடாரம்போல உயர்ந்து கூர்மையாகத் தெரிந்தாலோ மற்ற மாற்றங்கள் இருந்தாலோ இதயத்தைக் காக்கக் கால்சியம் குளுக்கோனேட் நரம்பில் ஏறும். பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோசும். இந்த இடத்தில் நம் அம்மாவுக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். சல்ஃபாமெத்தாக்சசோல் கிளிமிபிரைடு உடலில் சிதைவதைத் தாமதப்படுத்துகிறது. சிறுநீரகம் பலவீனமானவரிடம் அதுவே தனியாகவும் சர்க்கரையை இறக்கக்கூடும். அதன்மேல் இன்சுலின். அடுத்த ஆறு மணி நேரம் சர்க்கரையை மணிக்கொரு முறை பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய ஆள் இவர். கோட்ரைமாக்சசோல் நிற்கும், டெல்மிசார்டானும் சில நாள் நிற்கும், இளநீரும் நிற்கும். இரண்டு மூன்று நாட்களில் பொட்டாசியம் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

தடிப்பு வேறு கணக்கு

இனி மற்றப் பாதி. பொட்டாசியத்தின் ஏற்றத்தை முன்கூட்டியே ஊகிக்கலாம்: யாருக்கு வரும், எந்த நாளில் வரும், ஏன் வரும் என்றெல்லாம் சொல்ல முடிகிறது. தடிப்பு அப்படி அல்ல. சல்ஃபாவின் ஒரு சிறு பங்கு கல்லீரலில் மாற்றம் அடைந்து, தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் வேதிப்பொருளாகிறது. அதை உடலின் எதிர்ப்பு மண்டலம் அந்நியன் என்று நினைத்துத் தாக்குவதுதான் தடிப்பு. இது நூற்றில் மூன்று நான்கு பேருக்கு வருகிறது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பல மடங்கு அதிகம். ஒருமுறை எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொண்டால் அதற்குப் பாதி மாத்திரையும் போதும், கால் மாத்திரையும் போதும். சிறுநீரகத்துக்காக அளவைக் குறைத்ததால் தடிப்பு வராது என்று எண்ணுவது தவறு. தடிப்பு வந்த பிறகு 'பாதியாக்கிப் பார்க்கலாம்' என்பது அதைவிடத் தவறு.

சாதாரணத் தடிப்பு மருந்து தொடங்கிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வருவது வழக்கம். நம் அம்மாவுக்கு மாத்திரை ஐந்து நாளில் முடிந்துவிட்டது. ஒன்பதாம் நாள் மார்பிலும் முதுகிலும் சிவந்த புள்ளிகள் எழுகின்றன என்று வையுங்கள். வேறொரு மருத்துவர் கேட்பார்: 'இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' 'புதிதாக ஒன்றும் இல்லை டாக்டர், எப்போதும் சாப்பிடுகிறதுதான்.' அவர் சொல்வது பொய்யில்லை. காலி அட்டை குப்பைக்குப் போய் நான்கு நாளாகிவிட்டது. கேள்வி 'இந்த ஒரு மாதத்தில் என்னென்ன சாப்பிட்டீர்கள்?' என்று இருந்திருக்க வேண்டும். இது முதல்முறை சாப்பிடுகிறவருக்கு. முன்பே ஒவ்வாமை வந்தவருக்கு இரண்டாம் முறை சில மணி நேரத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ வந்துவிடும்.

நம் ஊரில் இத்தகைய தடிப்புக்கு இரண்டு பெயர்கள் காத்திருக்கின்றன. ஒன்று 'உடம்புச் சூடு'. இந்தப் பெயர் கிடைத்ததும் மறுபடி இளநீர் வரும், மாத்திரை மிச்சமிருந்தால் அதுவும் தொடரும். இன்னொன்று 'அம்மை'. காய்ச்சலோடு உடம்பெங்கும் சிவந்துபோனால் வேப்பிலை கட்டி, படுக்கவைத்து, மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடும் வீடுகள் இன்றும் உண்டு. சாதாரணத் தடிப்பாக இருந்தால் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. மருந்து நின்றால் ஒரு வாரத்தில் தோல் உரிந்து சரியாகும். ஆனால் கோட்ரைமாக்சசோலால் வரக்கூடிய மிக மோசமான நோயும் முதல் இரண்டு நாட்களில் இதே முகத்தோடுதான் வருகிறது.

அது ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய். இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1922-இல் விவரித்தது. அதன் முற்றிய வடிவத்தை, அதாவது தீக்காயம்போலத் தோல் படலம் படலமாகக் கழன்றுவிடுவதை, ஆலன் லயல் 1956-இல் விவரித்தார். மருந்து தொடங்கிய நான்காம் நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் வரலாம். அரிது, ஆனால் அதை உண்டாக்கும் மருந்துகளின் வரிசையில் இது எப்போதும் முன்னால் நிற்கிறது. முதலில் காய்ச்சல், தொண்டை வலி, கண் உறுத்தல். பிறகு உதட்டிலும் வாயிலும் புண். பிறகு தோல். சாதாரணத் தடிப்பு அரிக்கும், இது வலிக்கும். புடவை பட்டாலே எரிகிறது, தொட்டால் நோகிறது என்று சொன்னால் தோலை நன்றாகப் பார்க்க வேண்டும். சிவப்புக்கு நடுவே கருஞ்சிவப்போ சாம்பல் நிறமோ தெரிகிறதா, எங்காவது கொப்புளம் எழுந்திருக்கிறதா, விரலால் மெல்லத் தேய்த்தால் மேல்தோல் வழுகி நகர்கிறதா? கண், வாய், பிறப்புறுப்பு ஆகிய மூன்றில் இரண்டு இடங்களில் புண் இருந்தால் அன்றே மருத்துவமனை. காலை வரை காத்திருக்கக்கூடாது. மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

முகம் வீங்கி, காய்ச்சலோடு கழுத்தில் நெறி கட்டி, ஈரல் பாதிக்கப்படும் இன்னொரு வகையும் உண்டு. அது இரண்டு முதல் எட்டு வாரம் வரை தாமதித்து வரும். அதிலும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போவதுதான் முதல் வேலை.

நம் தோல் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது இவை எதுவும் அல்ல, இன்னும் சாதுவான ஒன்று. உதட்டிலோ பிறப்புறுப்பிலோ கைப்புறத்திலோ வட்டமாக, கரு ஊதா நிறத்தில் ஒரே ஒரு திட்டு. சில சமயம் நடுவில் ஒரு கொப்புளம். இரண்டு வாரத்தில் ஆறிக் கருமையான தழும்பை விட்டுச் செல்லும். ஆறு மாதம் கழித்து வயிற்றுப்போக்குக்கு யாரோ கொடுத்த சல்ஃபா மாத்திரையைப் போட்டால், சில மணி நேரத்தில் மிகச் சரியாக அதே இடத்தில் மறுபடி எரியும். அந்த ஒரே இடம் என்பதுதான் அடையாளம். பிறப்புறுப்பில் வந்தால் பலர் வெட்கப்பட்டு வேறு காரணத்தைச் சந்தேகித்து மாதக்கணக்கில் மறைத்துவைக்கிறார்கள். மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'முன்பு இங்கேயே வந்திருக்கிறதா, அப்போது என்ன மாத்திரை போட்டீர்கள்?'

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கம்

தடிப்பு வந்தவரின் நோட்டில் 'சல்ஃபா அலர்ஜி' என்று சிவப்பு மையில் எழுதிவிடுவது வழக்கம். இரண்டே சொல், ஆனால் அதற்குப் பிறகு வரும் மருத்துவருக்கு அது பாதிதான் உதவும். ஃபியூரோசிமைடு, தயாசைடு போன்ற நீர்பெருக்கி மாத்திரைகளிலும் வேதியியல்படி சல்ஃபா அமைப்பு இருக்கிறது. ஆனால் ஒவ்வாமையைக் கிளப்பும் பகுதி அவற்றில் இல்லை. அதனால் கோட்ரைமாக்சசோலுக்குத் தடிப்பு வந்தவர்கள் பெரும்பாலும் அவற்றைச் சாப்பிடலாம். கந்தக சோப்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மூட்டுவலிக்குக் கொடுக்கும் சல்ஃபாசலசின் அப்படி அல்ல. அதில் அந்தப் பகுதி இருக்கிறது.

சாதாரணத் தடிப்பு மட்டும் வந்தவருக்கு, வேறு வழியில்லாதபோது, நிபுணர் மேற்பார்வையில் மிகச் சிறு அளவிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிப் பழக்குவது உண்டு, எச்.ஐ.வி. சிகிச்சையில் இது நன்கு தெரிந்த முறை. கொப்புளமும் வாய்ப்புண்ணும் வந்தவருக்கு அதை எந்தக் காலத்திலும் செய்யக்கூடாது. இரண்டு சொல் குறிப்பில் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

நம் அம்மாவின் நோட்டில் மகள் எழுதியது இப்படி இருக்கும்: 'கோட்ரைமாக்சசோல் டி.எஸ்., ஒரு நாளைக்கு இரண்டு, ஐந்து நாள். ஐந்தாம் நாள் பொட்டாசியம் 6.1, டெல்மிசார்டானும் இருந்தது. ஒன்பதாம் நாள் மார்பில் அரிக்கும் தடிப்பு. வாய், கண்ணில் ஒன்றும் இல்லை, கொப்புளம் இல்லை, ஒரு வாரத்தில் போய்விட்டது. மருந்துக்கு முன் கிரியாட்டினின் 1.3, எடை 48.'